‘நாளை காலை ஸ்கேன்’ என்ற வரி

மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநர் அவர்களுக்கு,

நான் ஒரு கதிரியக்க மருத்துவர். பிற மருத்துவமனைகளிலிருந்து எங்களிடம் வரும் குழந்தைகளின் சீட்டில் ‘நாளை காலை ஸ்கேன்’ என்ற வரியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பல வயிற்று நோய்களுக்கு அது போதும். குடல் செருகலுக்குப் போதாது.

சட்டையைக் கழற்றும்போது கைப்பகுதி உள்வாங்கிக்கொள்வதுபோல, சிறுகுடலின் கடைசிப் பகுதி பெருங்குடலுக்குள் நுழைந்துவிடுவதுதான் இந்நோய். பெரும்பாலும் 3 மாதம் முதல் 3 வயதுக்குள் வருகிறது. காரணம் பல நேரம் தெரிவதில்லை. சளி, வயிற்றுப்போக்குக்குப் பிறகு குடல் சுவரிலுள்ள நிணநீர்த் திட்டுகள் வீங்க, குடல் அவற்றையே பிடித்து உள்ளே இழுப்பதுண்டு. இரத்தக்குழாய்களும் கூடவே இழுபடுகின்றன. முதலில் சிரை நசுங்கிக் குடல் வீங்கும். பிறகு தமனியும் அடைபட்டால் அழுகத் தொடங்கும்.

8 மாதக் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் சளி இருந்தது. இரவு 9 மணிக்குக் கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிடுகிறது. சில நிமிடங்களில் அடங்கித் துவண்டு படுக்கிறது. கால் மணி நேரம் கழித்து மறுபடியும் அதே அழுகை. குடித்த பால் வெளியே வருகிறது. உரம் விழுந்திருக்கும் என்கிறார் பாட்டி. நள்ளிரவில் மருத்துவமனைக்கு வரும்போது குழந்தை அமைதியாக இருக்கிறது, வயிறும் மெத்தென்று இருக்கிறது. வாயுத் தொல்லை என்று சொட்டு மருந்து கொடுக்கப்படுகிறது. பாட்டியைக் குறை சொல்லி என்ன பயன்? பணி மருத்துவர் பார்த்ததும் இரண்டு வலிகளுக்கு நடுவிலிருந்த இடைவெளியைத்தான்.

விடியும்போது வாந்தி பச்சையாகிவிடுகிறது. மலத்தில் சிவப்பு ஜெல்லி போல இரத்தமும் சளியும். விட்டுவிட்டு வரும் வலி, வாந்தி, இந்த மலம் என்ற மூன்றையும் பாடப்புத்தகம் ஒன்றாகச் சொல்கிறது; மூன்றும் சேர்ந்து வருவது பாதிக்கும் குறைவான குழந்தைகளிடம்தான். ஜெல்லி மலத்துக்காகக் காத்திருப்பது, குடலின் உட்சவ்வு சேதமாகும்வரை காத்திருப்பது. சில குழந்தைகள் அதிகம் அழாமல் வெறுமனே மயங்கியதுபோல் கிடக்கும். அதுதான் எனக்கு அதிகப் பயம்.

இத்தனை குழப்பத்தையும் ஸ்கேன் சில நிமிடங்களில் தீர்த்துவிடும். கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்து வேண்டாம். அம்மாவின் மடியிலேயே பார்க்கலாம். மேற்பரப்பைத் தெளிவாகக் காட்டும் நேர்கோட்டு ப்ரோபை வலது அடிவயிற்றில் வைத்துப் பெருங்குடலின் வழியே மேலே நகர்த்தினால், செருகிய குடல் குறுக்குவெட்டில் வளையத்துக்குள் வளையமாகத் தெரியும். நாங்கள் ‘டார்கெட் சைன்’ என்பது இதைத்தான். கறுத்த வெளிவளையம் வீங்கிய குடல் சுவர். உள்ளே பிறை வடிவில் வெள்ளையாகத் தெரிவது, இழுபட்டுப் போன கொழுப்பு. ப்ரோபை நீளவாட்டில் திருப்பினால் சிறுநீரகம் போன்ற உருவம். பெருங்குடலுக்குள் நுழைந்த செருகலின் குறுக்களவு வழக்கமாக 2.5 செ.மீ.க்கு மேல் இருக்கும். சிறுகுடலுக்குள் சிறுகுடலே செருகுவது பெரும்பாலும் 2 செ.மீ.க்குள்தான், நடுவில் கொழுப்பும் அதிகம் இராது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தானாக விலகுவதும் உண்டு. அந்த வேறுபாடு தெரியாமல் அறுவைக்கு அனுப்புவதும் தவறே.

சீக்கிரம் கண்டால் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கத்தி வேண்டாம். ஆசனவாய் வழியாகக் குழாய் வைத்து, அழுத்தத்தில் உப்புநீர் செலுத்தி, வளையம் பின்வாங்குவதை ஸ்கேனிலேயே பார்க்கலாம். நீர் சிறுகுடலுக்குள் பாய்ந்ததும் செருகல் விடுபட்டது என்று பொருள். காற்றாலும் செய்வார்கள். குடல் ஓட்டையாகிவிட்டாலோ, குழந்தை அதிர்ச்சி நிலையில் இருந்தாலோ இதைச் செய்யக் கூடாது. நேரம் போகப்போக வெற்றி வாய்ப்பும் குறைகிறது. விடுபட்ட பின்னும் சிலருக்கு முதல் சில நாள்களில் மறுபடியும் செருகும். ஆகவே வீட்டாரிடம் சொல்லி அனுப்ப வேண்டும்.

விபத்துக்கும் பிரசவத்துக்கும் நள்ளிரவில் ஸ்கேன் மருத்துவரை அழைக்கிறோம், அழும் குழந்தைக்கு அழைப்பதில்லை. இதை மாற்ற உங்கள் சுற்றறிக்கை ஒன்று போதும். 3 மாதம் முதல் 3 வயதுவரையுள்ள குழந்தைக்கு விட்டுவிட்டு வரும் அழுகையோடு வாந்தி இருந்தால், அல்லது காரணமின்றித் துவண்டு கிடந்தால், அன்றிரவே ஸ்கேன் என்று அதில் இருக்கட்டும். எக்ஸ்ரே இயல்பாக இருப்பதை வைத்து நோயில்லை என்று முடிவு செய்ய வேண்டாம் என்பதும் வேண்டும். ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் பச்சை வாந்தி தொடர்ந்தால், குடல் முறுக்கு உள்பட வேறு அடைப்புகளைத் தேட வேண்டும். ‘நார்மல்’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

ஸ்கேன் பார்க்க ஆளில்லாத மருத்துவமனை, குழந்தையை விடியும்வரை வைத்துக்கொள்ள வேண்டாம். பால் நிறுத்தி, சிரையில் திரவம் ஏற்றி, குழந்தை அறுவை மருத்துவர் உள்ள இடத்துக்குப் போனில் முதலில் சொல்லிவிட்டு அனுப்பட்டும். அழுகை எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வருகிறது, வாந்தி என்ன நிறம் என்ற விவரங்கள் சீட்டில் இருந்தால், ஆம்புலன்ஸ் வந்து சேருமுன் உப்புநீரைத் தயாராக வைத்திருப்போம்.

இப்படிக்கு,
இரவுப் பணியிலுள்ள ஒரு கதிரியக்க மருத்துவர்