அப்பாவின் பழைய ஃபைல்



எங்கள் அலுவலகத்தில் பக்கம் வடிவமைக்கும் நண்பருக்கு 43 வயது. அவருடைய மேஜை டிராயரில் பேனாவோடு எப்போதும் ஒரு கேஸ் மாத்திரை அட்டை கிடக்கும். ஆறு மாதமாகவே மதியச் சாப்பாட்டில் பாதியை மூடி வைத்துவிடுவார். கேட்டால், "ரெண்டு வாய்லயே வயிறு நெறஞ்சிடுது சார்" என்பார். இடுப்பில் பேன்ட் தளர்ந்திருந்தது. நடைப்பயிற்சியின் பலன் என்று நாங்கள் பாராட்டினோம். அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன். இதை அவருடைய சம்மதத்துடன்தான் எழுதுகிறேன்.

வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் அவருக்கு ஹீமோகுளோபின் 9.6 என்று வந்தது. சத்துக் குறைவு என்று இரும்பு மாத்திரை வாங்கிக்கொண்டார். மாதவிடாய் இல்லாத ஓர் ஆணுக்கு இரும்புச்சத்து இறங்கினால், ரத்தம் எங்கே போகிறது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். பெரும்பாலும் அது வயிற்றிலோ குடலிலோ சிறுகச் சிறுகக் கசியும். கண்ணுக்குத் தெரியாது. அதிகமாகக் கசிந்தால் மலம் தார் போலக் கருத்து, பிசுபிசுத்து, கடும் நாற்றம் வீசும். இரும்பு மாத்திரையும் மலத்தைக் கருப்பாக்கும் என்பதால், அதைச் சாப்பிடுகிறவர்கள் இந்த அடையாளத்தைத் தவறவிட்டுவிடுவார்கள்.

பிறகு பார்த்த மருத்துவர் ஒருவர், குடும்பத்தில் யாருக்காவது வயிற்றுப் புற்றுநோய் உண்டா என்று கேட்டார். "இல்லை, அப்பா அல்சரில் போனார்" என்றார் நண்பர். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டபோதுதான் பரணிலிருந்து பழைய ஃபைல் இறங்கியது. "அல்சருன்னுதாம்பா எல்லார்கிட்டயும் சொன்னோம். உங்க அக்காவுக்கு அப்ப வரன் பாத்துட்டிருந்தோம்" என்றாராம் அம்மா. ஃபைலில் இருந்தது இரைப்பைப் புற்றுநோய். நோய் கண்டுபிடிக்கப்பட்டபோது அப்பாவுக்கு வயது 47.

நம் வீடுகளில் 'அல்சர்', 'வயித்துல கட்டி' என்று சொல்லி மூடிய மரணங்கள் நிறைய. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. அப்படிப்பட்டவர்கள் தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும், 40-45 வயது வாக்கிலோ, உறவினருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்தாண்டு முன்போ, எது முன்னால் வருகிறதோ அப்போது ஒரு எண்டோஸ்கோபி பற்றி மருத்துவரிடம் பேசுவது நல்லது. நண்பரின் கணக்கில் அது 37 வயது. ஆறு ஆண்டு கடந்துவிட்டது. அத்துடன் அவருக்கு எடைக்குறைவும் ரத்தசோகையும் சேர்ந்திருந்தன. விழுங்கச் சிரமம், தொடர் வாந்தி, கருப்பு மலம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை இவற்றில் ஒன்று தெரிந்தாலே வயதுக் கணக்குப் பார்க்கக் கூடாது.

கேஸ் மாத்திரையில் ஓர் ஆபத்து உண்டு. அமிலத்தைக் குறைக்கும்போது புற்றுப் புண்கூடச் சில காலம் ஆறியது போலத் தோன்றும். வலி அடங்கும், மாதங்கள் ஓடும். வயிற்றுக் கிருமிக்கான பரிசோதனையையும் அந்த மாத்திரை பொய்யாக்கும். அதனால் மருத்துவர் சொற்படி நண்பர் எண்டோஸ்கோபிக்கு இரண்டு வாரம் முன்பே அதை நிறுத்தினார்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வெறும் வயிறு, காலையில் தொண்டை மரக்க ஸ்பிரே, பத்து நிமிடம். பார்வைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, சிறு சிறு அரிப்புப் புண்கள்தான். ஆனாலும் மருத்துவர் இரைப்பையின் மேல், கீழ்ப் பகுதிகளிலிருந்து ஐந்து சதைத் துணுக்குகள் எடுத்தார். அதுதான் முக்கியம், கண் பார்வையோடு முடித்த எண்டோஸ்கோபி இந்தக் குடும்பங்களுக்குப் போதாது. பயாப்ஸியில் புற்று இல்லை. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருந்தது. இரைப்பையின் உட்சுவர் சில இடங்களில் குடல் சுவர் போல மாறத் தொடங்கியிருந்தது. புற்றுக்குப் பல படிகள் முந்தைய நிலை அது.

பதினான்கு நாள் மருந்து. முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் கழித்து மூச்சுப் பரிசோதனை செய்ததில் கிருமி போயிருந்தது. இரைப்பைப் புற்றுநோயாளிகளின் நெருங்கிய உறவினர்களைக் கொரியாவில் ஒன்பது ஆண்டுக்கு மேல் கவனித்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், கிருமிக்கு மருந்து பெற்றவர்களில் 1.2 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 2.7 விழுக்காட்டினருக்கும் புற்றுநோய் வந்தது. பாதிக்கும் குறைவு, ஆனால் பூஜ்யமில்லை. அதனால் மூன்றாண்டில் மறுபடி எண்டோஸ்கோபி.

ஒரு வகைக் குடும்பத்துக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஐம்பதுக்குள் பரவல் வகைப் புற்று வந்தவர், அல்லது இரைப்பைப் புற்றோடு மார்பகத்தில் 'லோபுலார்' வகைப் புற்றும் உள்ள வீடு என்றால் மரபணு ஆலோசனை தேவை. அங்கே புற்று உட்சுவருக்கு அடியில் ஒளிந்து படர்வதால் எண்டோஸ்கோபியே ஏமாறலாம். நண்பரின் அப்பா ஃபைலில் அந்த வகை குறிக்கப்படவில்லை. அப்பாவுக்கும் நோய் வந்தது ஐம்பதுக்குள் என்பதால், மருத்துவர் அதையும் விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்.

அக்காவுக்கு இப்போது 46 வயது. அடுத்த செவ்வாய்க்கிழமை அவருக்கு எண்டோஸ்கோபி. அந்தப் பழைய ஃபைலை அம்மாவே பையில் எடுத்து வைத்திருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்