ஹார்டு ரீசெட் என்னும் மூடநம்பிக்கை

பழைய போனை விற்கப் போகிறேன் என்று நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் சொல்லிப் பாருங்கள். மூன்று பேராவது ஒரே வைத்தியத்தைச் சொல்வார்கள்: “ஸ்விட்ச் ஆஃப் பண்ணு. பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேத்துப் புடி. ஹார்டு ரீசெட் போட்டுடு, எல்லாம் சுத்தமாப் போயிடும்.” செட்டிங்ஸுக்குள் போய் அழிப்பது ஏதோ மேல்பூச்சு வேலை, கறுப்புத் திரையில் ஆங்கில எழுத்துகள் ஓட ஓட அழிப்பதுதான் அடிவரை போகும் என்று ஒரு நம்பிக்கை ஊரெங்கும் ஊறிக் கிடக்கிறது. சர்வீஸ் கடைகளிலும் சொல்கிறார்கள், யூடியூபிலும் சொல்கிறார்கள். ‘ஹார்டு’ என்ற சொல்லில் இருக்கும் கெத்துக்கு மயங்கியதைத் தவிர இதற்கு வேறு ஆதாரம் கிடையாது.

இரண்டு வழியிலும் அழிவது ஒரே தகவல்தான். படம், செய்தி, செயலி எல்லாம் இரண்டிலும் ஒரே அளவுக்குத்தான் போகின்றன. வேறுபாடு இன்னொரு இடத்தில் இருக்கிறது. செட்டிங்ஸ் வழியாகப் போனால் போன் உங்கள் பின் நம்பரைக் கேட்கும். நீங்கள் கொடுத்ததும் அழிக்கச் சொல்பவர் உரிமையாளர்தான் என்று அதற்குத் தெரிந்துவிடும். பட்டன் வழியாகப் போனால் அது எதையும் கேட்பதில்லை. பேருந்தில் உங்கள் பையிலிருந்து போனை உருவியவனும் இதே பட்டன்களைத்தான் அழுத்துவான். ஆகவே பட்டன் வழி ரீசெட்டை யார் செய்தாலும் போன் அவரைத் திருடனாகவே கருதும். அப்படித்தான் அது கட்டப்பட்டிருக்கிறது.

2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல் இந்தக் காவல் இருக்கிறது. கடைக்காரர்கள் எஃப்.ஆர்.பி. லாக் என்பார்கள், கூகுள் லாக் என்பார்கள். போனில் கூகுள் கணக்கைச் சேர்த்துத் திரைப்பூட்டும் வைத்தவுடன், அதற்கான அடையாளம் ரீசெட் தொடாத ஒரு சிறிய தனிப்பகுதியில் எழுதப்பட்டுவிடும். பட்டன் ரீசெட் மற்ற எல்லாவற்றையும் துடைத்துவிட்டு இதை மட்டும் அப்படியே விட்டுவைக்கும். மறுபடி போனை இயக்கி வைஃபை கொடுத்ததும், முன்பு இதில் இருந்த கணக்கின் பாஸ்வேர்டைப் போடு, அல்லது பழைய பின்னைப் போடு என்று கேட்கும். கணக்கை முறையாக நீக்கினால் இந்த அடையாளமும் நீங்கும். உரிமையாளர் செட்டிங்ஸ் வழியே அழித்தாலும் பெரும்பாலான போன்களில் நீங்கிவிடும்.

இது நடைமுறையில் எப்படி முட்டுகிறது என்று பார்ப்போம். ஒருவர் தன் அப்பாவின் ஆண்ட்ராய்டு போனை விற்கிறார். சிம்மை எடுக்கிறார், ஹார்டு ரீசெட் போடுகிறார், ‘வெல்கம்’ திரை வந்ததும் திருப்தியாக அணைத்து, ஆறாயிரம் ரூபாய்க்குக் கொடுத்துவிடுகிறார். அன்று இரவே வாங்கியவரின் அழைப்பு வருகிறது: “அண்ணே, உங்க மெயில் ஐடி, பாஸ்வேர்டு கேக்குது.” இவர், “அதெல்லாம் நான் அழிச்சிட்டேனே தம்பி” என்கிறார். அப்பாவைக் கேட்டால் அவருக்கு மெயில் ஐடி என்று ஒன்று இருப்பதே தெரியாது. போன் வாங்கிய நாளில் கடைப் பையன் ஏதோ ஒரு பெயரில் கணக்குத் திறந்து, ஏதோ ஒரு பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தது அது. நம் ஊரில் எத்தனை பெரியவர்களின் போன்கள் இப்படிப்பட்ட அநாதைக் கணக்குகளில் ஓடுகின்றன என்பதை நினைத்தாலே எரிச்சல் வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், ரீசெட்டுக்கு முன்பு இதே வேலைக்குப் பாஸ்வேர்டே தேவைப்பட்டிருக்காது. போன் திறந்திருக்கும்போது செட்டிங்ஸில் கணக்குகள் பகுதிக்குப் போய், கூகுள் கணக்கைத் தொட்டு, ‘Remove account’ கொடுத்தால் போதும். அதிகம் போனால் திரைப்பூட்டின் பின்னைக் கேட்கும். அது அப்பாவுக்கே தெரியும். கறுப்புத் திரை வழியாக அழித்ததால்தான் ஒரு நிமிட வேலை ஊர்ப் பஞ்சாயத்தாகிவிட்டது. இந்த நிலையிலும் முதலில் முயல வேண்டியது பழைய பின் அல்லது பேட்டர்ன். திரையில் அந்த வாய்ப்பு வந்து, அப்பாவுக்கு அது நினைவிருந்தால் பூட்டு திறக்கும். இல்லையென்றால் கணக்கோடு இணைந்த மொபைல் எண் வழியாகப் பாஸ்வேர்டை மீட்க வேண்டும். அப்படி மாற்றினாலும் உடனே திறக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாஸ்வேர்டை மாற்றினால் ரீசெட் செய்வதற்கு முன் 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது கூகுள். அவசரத்தில் பாஸ்வேர்டை மாற்றி அடுத்த நிமிடமே ரீசெட் போடுபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

சாம்சங், ஷியோமி போன்ற போன்களில் கூகுள் கணக்குக்கு மேல் அந்த நிறுவனத்தின் சொந்தக் கணக்கும் இருக்கக்கூடும். அதற்குத் தனிப் பூட்டு. கணக்குகள் பட்டியலில் எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனையையும் பார்த்து நீக்க வேண்டும்.

ஐபோனில் இதே கதை இன்னும் கறாரானது. 2013-இல் ஐஓஎஸ் 7-உடன் வந்த ஆக்டிவேஷன் லாக் போனுக்குள் மட்டும் இருப்பதில்லை; இந்தப் போன் இன்னாருடையது என்ற பதிவு ஆப்பிளின் சர்வரில் இருக்கிறது. கணினியில் செருகி முழுதாக ரீஸ்டோர் செய்தாலும் போன் விழித்தெழுந்து சர்வரிடம் கேட்கும், சர்வர் பழைய உரிமையாளரைச் சொல்லும். செட்டிங்ஸில் மேலே இருக்கும் உங்கள் பெயரைத் தொட்டு, அடியில் இருக்கும் ‘Sign Out’ கொடுத்து, ஆப்பிள் பாஸ்வேர்டைப் போட்டால் அந்தப் பதிவு விலகும். அதன்பிறகே ‘General’, ‘Transfer or Reset iPhone’, ‘Erase All Content and Settings’. ஆனால் ஐபோனில் ஒரு சௌகரியம் உண்டு. மறந்துபோய் விற்றுவிட்டாலும், iCloud.com/find பக்கத்தில் நுழைந்து அந்தப் போனைத் தேர்ந்து, தொலைவிலிருந்தே அழித்து, கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். ஆண்ட்ராய்டில் தொலைவிலிருந்து அழித்தால் தகவல் போகும், பூட்டு நிற்கும்.

இனி நம்பிக்கையின் மறுபக்கம். ரீசெட் போட்டாலும் எல்லாப் படங்களையும் மீட்டுவிடுவார்கள், அதனால் போனை வீடியோக்களால் நிரப்பி மூன்று தடவை அழிக்க வேண்டும் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. இந்தப் பயம் காற்றில் பிறந்ததல்ல. 2014-இல் அவாஸ்ட் நிறுவனம் ஈபேயில் 20 பழைய போன்களை வாங்கி, அழிக்கப்பட்டதாக நம்பப்பட்ட 40,000-க்கும் மேற்பட்ட படங்களை வெளியே எடுத்தது. 2015-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் லாரன்ட் சைமனும் ராஸ் ஆண்டர்சனும் 21 பழைய ஆண்ட்ராய்டு போன்களை ஆராய்ந்து, ரீசெட் எவ்வளவு ஓட்டை என்று காட்டினார்கள். ஆனால் அவர்கள் ஆராய்ந்தவை ஆண்ட்ராய்டு 2.3 முதல் 4.3 வரையான காலத்துப் போன்கள். அந்தக் காலத்து எச்சரிக்கையை இன்றைய போனுக்குச் சொல்வது பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து முகூர்த்தம் குறிப்பது.

இடையில் மாறியது குறியாக்கம். ஆண்ட்ராய்டு 6-உடன் வந்த, போதிய வேகமுள்ள புதுப் போன்களுக்கு அது கட்டாயமானது; ஆண்ட்ராய்டு 10-உடன் வந்த போன்களில் விலக்கே இல்லை. ஐபோனில் அதற்கும் முன்பிருந்தே உண்டு. உங்கள் படம் நினைவகத்தில் படமாக உட்கார்ந்திருப்பதில்லை. ஒரு சாவி இல்லாமல் படிக்க முடியாத குப்பையாகத்தான் இருக்கிறது. ரீசெட் அந்தச் சாவியை ஒழித்துவிடுகிறது. மிச்சமிருப்பதை யார் சுரண்டி எடுத்தாலும் குப்பைதான் கிடைக்கும். வீடியோ போட்டு நிரப்புவதால் நினைவகம் தேய்வதுதான் மிச்சம். மிகப் பழைய போன் கையில் இருந்தால் மட்டும், செட்டிங்ஸின் பாதுகாப்புப் பகுதியில் ‘Encrypt phone’ இருக்கிறதா என்று பார்த்து, முதலில் அதைச் செய்துவிட்டுப் பிறகு ரீசெட் போடுங்கள்.

உண்மையில் தகவல் கசிவது வேறு வழியில். மெமரி கார்டை ரீசெட் பொதுவாகத் தொடுவதில்லை, பெரும்பாலும் அதில் குறியாக்கமும் கிடையாது. கல்யாண ஆல்பம் மொத்தத்தையும் கார்டிலேயே விட்டு விற்பவர்கள்தான், போனுக்குள் இருப்பதை யாரோ மீட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறார்கள். கார்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். இ-சிம் இருந்தால் அதையும் சேர்த்து அழிக்கவா என்று ரீசெட்டின்போது கேட்கும். எண் புதிய போனுக்கு மாறிவிட்டதை உறுதிசெய்துகொண்டு சம்மதியுங்கள். உங்கள் கணக்குகளுக்கு ஆறு இலக்கக் குறியீடு தரும் ஆதென்டிகேட்டர் செயலி பழைய போனில் மட்டுமே இருந்தால், முதலில் அதைப் புதிய போனுக்கு மாற்றுங்கள். அழித்தபின் நினைவு வந்தால், உங்கள் கணக்குக்கு வெளியே நிற்கப்போவது நீங்கள்தான்.

அதிகப் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்துச் செய்யும் இன்னொரு வேலை இழப்பில் முடிகிறது. ரீசெட்டை நம்பாமல் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக, ஒவ்வொரு தொடர்பு எண்ணாக அழிப்பவர்கள் இருக்கிறார்கள். கணக்கு இன்னும் உள்ளே இருக்கும்போது ஐகிளவுடிலோ கூகுள் போட்டோஸிலோ ஒத்திசைந்த படத்தை அழித்தால், அது கிளவுடிலிருந்தும் போகும், புதிய போனிலிருந்தும் போகும். விற்கும் போனைச் சுத்தம் செய்வதாக நினைத்துக் குழந்தையின் முதல் வருடப் படங்களைத் துடைத்துவிடுவார்கள். குப்பைத் தொட்டியில் ஐபோன் 30 நாள், கூகுள் போட்டோஸ் பேக்கப் ஆன படங்களை 60 நாள் வைத்திருக்கும். அதற்குள் கவனித்தால் பிழைத்தார்கள். கையால் அழிக்கவே வேண்டாம். பேக்கப் புதிய போனில் திறக்கிறதா என்று கண்ணால் பார்த்து, கணக்குகளிலிருந்து வெளியேறி, செட்டிங்ஸ் வழியே ஒரே தடவையில் அழித்தால் போதும்.

முடித்தபின் சோதிக்கும் இடத்திலும் எல்லோரும் ஒரு படி முன்னதாகவே நின்றுவிடுகிறார்கள். ‘வெல்கம்’ அல்லது ‘ஹலோ’ திரை வந்ததும் வேலை முடிந்ததென்று அணைக்கிறார்கள். பூட்டியிருக்கும் போனும் அதே ‘ஹலோ’வைத்தான் சொல்லும். மொழியைத் தேர்ந்து, வைஃபை கொடுத்து, அதற்கடுத்த திரைவரை போக வேண்டும். புதிய கணக்கைச் சேர்க்கவா என்று கேட்டு, ‘Skip’ செய்ய விட்டால் போன் விடுதலையாகிவிட்டது. அங்கேயே அணைத்து விடலாம். பழைய கணக்கைக் கேட்டால், அல்லது ஐபோனில் ‘iPhone Locked to Owner’ என்று வந்தால், பூட்டு அப்படியே இருக்கிறது. பழைய போன் வாங்குகிறவரும் பணத்தை எடுப்பதற்கு முன் தன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு இதே திரைவரை போய்ப் பார்க்க வேண்டும்.

லாக் ஆன போனைத் திறந்து தருகிறோம் என்று பலகை வைத்திருக்கும் கடைகளை நம்பிப் பூட்டோடு விற்பவர்களும் உண்டு. மென்பொருளில் இருந்த சந்துகள் வழியாகத்தான் அந்த வித்தை நடந்தது. 2024-இல் வந்த ஆண்ட்ராய்டு 15 அவற்றில் முக்கியமானவற்றை அடைத்துவிட்டது. தொடக்கத் திரைகளைத் தாண்டிக் குதித்து உள்ளே போனாலும், பழைய கணக்கோ பின்னோ தராதவரை போன் வேலை செய்யாது. பூட்டிய ஐபோனையும் விவரம் தெரிந்த கடைக்காரர் டிஸ்பிளேவுக்கும் கேமராவுக்கும் விலை போட்டுத்தான் வாங்குவார், போர்டுக்கு ஒரு ரூபாய் தரமாட்டார்.