பச்சை அடித்த பாடம்தான் காலை வாரியது



என் தங்கை பேத்தி பிளஸ் டூ படிக்கிறாள். போன மாதம் வீட்டுக்குப் போனபோது அவள் மேசைக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. இயற்பியலின் 11 அலகுகளும் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். தெரியாதது சிவப்பு, அரைகுறை மஞ்சள், நன்றாகத் தெரிந்தது பச்சை. இயற்பியலுக்கு வாரம் 10 மணி நேரம் வைத்திருந்தாள். அதில் சிவப்புக்கு 7, மஞ்சளுக்கு 3, பச்சைக்கு ஒன்றுமில்லை. அவளுடைய டியூஷனில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்களாம்.

ஏற்பாடு நல்லதுதான். நம் காலத்தில் முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்து, ஐந்தாவது பாடத்தோடு தேர்வு வந்துவிடும். ஆனால் நிறத்தை எப்படி முடிவு செய்தாய் என்று கேட்டேன். "புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன் தாத்தா, எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருந்தா பச்சை" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வகுப்பில் நான் "புரிஞ்சுதா?" என்று கேட்பேன், நீங்கள் எல்லோரும் தலையாட்டுவீர்கள், நானும் நம்பி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அதே கதைதான் இதுவும். பார்த்தால் தெரிகிற மாதிரி இருப்பது வேறு, வெறும் தாளில் எழுத வருவது வேறு.

பச்சை அடித்திருந்த கதிர் ஒளியியலில் ஒரு கணக்குக் கொடுத்தேன். குழியாடியின் குவியத்தூரம் 15 செ.மீ., பொருள் 20 செ.மீ. தள்ளி இருக்கிறது, பிம்பம் எங்கே? புத்தகத்தை மூடச் சொன்னேன். பொருள் தூரத்துக்கு எதிர்க்குறி போட்டாள், குவியத்தூரத்துக்குப் போட மறந்தாள். ஆடிக்குப் பின்னால் 8.6 செ.மீ. என்று விடை வந்தது. பொருள் குவியத்துக்கு வெளியே இருக்கும்போது குழியாடியில் பிம்பம் முன்னால்தானே விழ வேண்டும்? சரியான விடை ஆடிக்கு முன்னால் 60 செ.மீ. விடையைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை, அதுதான் எனக்குக் கவலை. மூன்று நாளுக்கு முன் அந்தப் பாடத்தைப் படித்திருக்கிறாள். அந்தச் சூட்டில் அடித்த பச்சை அது.

பிறகு சிவப்புக்குப் போனோம். நிலை மின்னியல் முழுவதும் சிவப்பு. அலகை அப்படியே விட்டுவிடாமல் உட்தலைப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி எழுத வைத்தேன். கூலூம் விதி வந்தது, மின்னழுத்தம் வந்தது, மின்தேக்கியும் ஓரளவு வந்தது. உண்மையில் சிக்கியது காஸ் விதியின் பயன்பாடுகளில்தான். நீண்ட கம்பிக்கும் உருளை, சமதளத் தகட்டுக்கும் உருளை என்று புத்தகத்தில் இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொண்டாள். கம்பியில் மின்புலம் பக்கவாட்டில் வெளியே போகிறது, அதனால் வளைபரப்பு வழியாக மட்டுமே மின்பாயம், இரு முனைகளிலும் சுழி. தகட்டில் இது தலைகீழ். ஒரு பேனாவையும் பரீட்சை அட்டையையும் வைத்துக் காட்டினேன், இரண்டு சாயங்காலம் போனது. அவள் 'நிலை மின்னியல்' என்று மொத்தமாகச் சிவப்பு அடித்ததால், தெரிந்த கூலூம் விதியையே மூன்று வாரமாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஆரம்பம் எப்போதும் சுலபம், கை அங்கேயே போகும். (நான் இந்தி படித்ததும் இப்படித்தான், இன்றுவரை முதல் பாடம் மட்டும் தெரியும்.)

இப்போது அட்டவணையை மாற்றியிருக்கிறோம். சிவப்புக்கு 4, மஞ்சளுக்கு 4, பச்சைக்கு 2. மஞ்சளுக்கு ஏன் இவ்வளவு என்று அவள் அப்பா கேட்டார். ஐந்து மதிப்பெண் கேள்வியில் படமும் பாதி வழியும் தெரிந்தவளுக்கு, நின்றுபோகிற ஒரு படியைச் சொல்லிக் கொடுத்தால் முழு விடையும் வந்துவிடும். மொத்தமே தெரியாததில் அதே ஒரு மணி நேரம் போட்டால் படம் வரைவதோடு நிற்கும். சிவப்பிலும் வரிசை உண்டு. மின்னோட்டத்தின் காந்த விளைவு சிவப்பாக இருக்கும்போது அடுத்த அலகான மின்காந்தத் தூண்டலில் உட்கார்ந்து பயனில்லை. பச்சையின் 2 மணி நேரத்தில் படிப்பே கிடையாது. மூடிய புத்தகம், ஒரு தருவித்தல், ஒரு கணக்கு, ஐந்து ஒரு மதிப்பெண் கேள்விகள். தவறினால் அன்றே மஞ்சள்.

இந்தச் சோதனை இல்லாமல் நிறம் மட்டும் அடிக்கிற பிள்ளைகள் மனநிலையைத்தான் வரைகிறார்கள் என்பது என் கருத்து. பயந்த பிள்ளை எல்லாவற்றையும் சிவப்பாக்கும், துணிச்சல்காரப் பிள்ளை எல்லாவற்றையும் பச்சையாக்கும், படிக்கிற நேரமும் அதன்படியே போகும்.

நேற்று போனில், காஸ் விதிக்குப் பச்சை அடிக்கலாமா என்று கேட்டாள். கோளக் கூட்டின் உள்ளே மின்புலம் ஏன் சுழி என்று கேட்டேன். உள்ளே வரைகிற கோளத்துக்குள் மின்னூட்டமே இல்லையே தாத்தா என்று உடனே சொன்னாள். சரிதான். ஆனாலும் மஞ்சளிலேயே இருக்கட்டும், அடுத்த ஞாயிறு எழுதிக் காட்டு என்று சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் கோபம்தான் அவளுக்கு.