100 எம்பிபிஎஸ் இருந்தும் வீடியோ கால் ஏன் திக்குகிறது? ஃபைபர், கேபிள், செம்பு, வயர்லெஸ்: எதில் என்ன சிக்கல்?

வீட்டுக்கு பிராட்பேண்ட் எடுக்கும்போது பெரும்பாலானோர் கேட்பது ரெண்டே கேள்வி: எத்தனை எம்பிபிஎஸ், மாதம் எவ்வளவு? ஆனால் ஒரு வீடியோ காலுக்கு 3, 4 எம்பிபிஎஸ் இருந்தாலே போதும். கால் திக்கும்போது பெரும்பாலும் பிரச்சினை வேகத்தில் இல்லை. தரவு போய்வர ஆகும் தாமதத்தில் இருக்கிறது. அந்தத் தாமதம் நொடிக்கு நொடி ஏறி இறங்கினால் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். இதற்குப் பெயர் ஜிட்டர்.

தாமதம் எங்கே உருவாகிறது?

ஃபைபரில் ஒளி போவதால்தான் தாமதம் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்கிறது. செம்புக் கம்பியிலும் சிக்னல் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் போகிறது. ரேடியோ அலை காற்றில் இன்னும் வேகமாகவே போகும். வித்தியாசம் வருவது பயணத்தில் அல்ல, காத்திருப்பில்.

ஃபைபரில் ஒரே இழையை 32 அல்லது 64 வீடுகள் வரை பகிர்ந்துகொள்கின்றன. யார் எப்போது அனுப்பலாம் என்று ஆபரேட்டரின் கருவி மிகச் சிறிய இடைவெளியில் முறை போடுவதால், பொதுவாக ஓரிரு மில்லி விநாடிதான் கூடுகிறது.

கேபிள் மோடம் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டு, அது கிடைத்த பிறகே அனுப்புகிறது. அப்லோடுக்கான பாதையும் குறுகலானது. மாலையில் தெருவே ஆன்லைனில் இருக்கும்போது காத்திருப்பு நீளும்.

பழைய டெலிபோன் செம்பு லைனில், இரைச்சலால் தரவு கெடாமல் இருக்க அதைக் கலைத்து அனுப்பி மறுபுறம் அடுக்குவார்கள். இதற்கே பத்து மில்லி விநாடிக்கு மேல் போகலாம். மழைக்காலத்தில் ஜாயின்ட்டில் ஈரம் இறங்கினால் லைன் அடிக்கடி அறுந்து மறுபடி இணையும்.

2023இல் இந்தியாவில் அறிமுகமான ஏர்ஃபைபர் சேவைகள் ஃபிக்ஸட் வயர்லெஸ் வகை. பெயரில் ஃபைபர் இருந்தாலும் வீட்டுக்கு வரும் கடைசித் தூரம் ரேடியோ அலைதான். 5ஜி டவர் வழியாக வரும் இணைப்பு, அதே டவரின் மொபைல் வாடிக்கையாளர்களோடு அலைவரிசையைப் பகிர்கிறது. அதனால் காலையில் நன்றாக இருப்பது இரவு 9 மணிக்கு அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒரு கணக்கு

தாம்பரத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒருவர் முன்னால் ரெண்டு இணைப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, இரு பக்கமும் 50 எம்பிபிஎஸ் தரும் ஃபைபர். இன்னொன்று, டவுன்லோடு 100, அப்லோடு 10 எம்பிபிஎஸ் தரும் வயர்லெஸ். மீட்டிங் நடக்கும்போது வீட்டில் யாரோ ஒருவரின் போன், போட்டோக்களை பேக்கப் எடுக்க ஆரம்பிக்கிறது.

போட்டோக்கள் வரிசையில் நிற்க, குரலும் அவற்றின் பின்னால் நிற்கிறது. கருவியில் 1 மெகாபைட், அதாவது 8 மெகாபிட் வரிசை சேர்ந்தால், 10 எம்பிபிஎஸ் அப்லோடில் அது கரைய 0.8 விநாடி ஆகும். 50 எம்பிபிஎஸ்ஸில் 0.16 விநாடிதான். டவரில் நெரிசலாகி அப்லோடு 5 ஆகக் குறைந்தால் 1.6 விநாடி. பேச்சுக்கு ஒருவழித் தாமதம் 0.15 விநாடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஆக, பிளானில் பெரிதாகப் போட்டிருக்கும் 100 இங்கே உதவவில்லை. அப்லோடு வேகம்தான் முடிவு செய்கிறது.

எப்படிச் சோதிப்பது?

அதே இணைப்பை வைத்திருக்கும் பக்கத்து வீட்டில், இரவு 8 முதல் 10 மணிக்குள் ஒரு விண்டோஸ் லேப்டாப்பில் பார்க்கலாம். முதல் வரியில் இருப்பது ரவுட்டரின் முகவரி; சில ரவுட்டர்களில் இது மாறும்.

```
ping -n 50 192.168.1.1
ping -n 50 8.8.8.8
```

முதல் வரியிலேயே எண்கள் தாறுமாறாக இருந்தால் குற்றவாளி வைஃபை; இணைப்பை மாற்றிப் பயனில்லை. அது சரியாக இருந்தால், இரண்டாவதை ஒருமுறை சும்மாவும், இன்னொரு முறை பெரிய வீடியோ ஒன்றை அப்லோடு செய்துகொண்டும் ஓட்ட வேண்டும். கடைசியில் வரும் Average, Maximum எண்களை ஒப்பிடுங்கள். அப்லோடின்போது மட்டும் நூற்றுக்கணக்கில் எகிறினால், அது வரிசைப் பிரச்சினை. ரவுட்டரில் SQM வசதி இருந்தால், அப்லோடை உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து வைத்துச் சரிசெய்யலாம். ஆனால் வேகமே மாறிக்கொண்டிருக்கும் வயர்லெஸ்ஸில் இது அவ்வளவாக எடுபடாது. சும்மா இருக்கும்போதே எண்கள் ஆடினால் லைனிலோ டவரிலோ கோளாறு.

ஃபைபர் என்றால் கவலையே இல்லையா?

அப்படியும் இல்லை. ஃபைபர் வீட்டுக்குள்ளேயே வருகிறதா, மொட்டைமாடி ஸ்விட்ச்சிலிருந்து வெறும் லேன் கேபிள் வருகிறதா என்று முதலில் கேட்க வேண்டும். ரெண்டாவது வகை என்றால், அந்த ஸ்விட்ச்சுக்கு கரண்ட் போனால் உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் நெட் வராது. கம்பத்தில் தொங்கும் இழை அறுந்தால், வந்து ஒட்டவைக்கும்வரை முழுசாகவே நின்றுவிடும்.

தினமும் மீட்டிங் இருப்பவர்களுக்கு வீட்டுக்குள் வரும் ஃபைபர்தான் முதல் தேர்வு. அது அறுந்தால் சமாளிக்க மொபைல் ஹாட்ஸ்பாட். ஃபைபர் வராத இடத்தில் மற்ற மூன்றில் எது என்பதை, அந்தத் தெருவில் இரவு 9 மணிக்கு எடுத்த பிங் எண்கள் சொல்லும்.