எடையை நம்பி ஓஸ் வாங்காதீர்கள்

நம்ம பக்கத்து ஹார்டுவேர் கடைகள் பலவற்றில் தோட்டத்து ஓஸை இன்னும் தராசில் நிறுத்துத்தான் விற்கிறார்கள். கடைக்காரத் தம்பி சுருளைத் தூக்கி நம் கையில் கொடுத்து, "பாருங்க சார், நல்ல வெயிட்டு" என்பார். நாமும் கனமாக இருந்தால் உறுதியாக இருக்கும் என்று வாங்கி வந்துவிடுகிறோம். வங்கியில் நகைக்கடன் பார்த்த காலத்தில் எடை மட்டும் பார்த்து யாருக்கும் பணம் கொடுத்ததில்லை; உரைகல்லில் உரசித்தான் கொடுத்தோம். ஓஸுக்கும் அப்படி ஒரு உரைகல் வேண்டும் என்பது என் கருத்து.

பிவிசி என்பது இயல்பில் கெட்டியான பொருள். போர்வெல்லுக்கு இறக்குகிற கெட்டிக் குழாயும் கையில் வளைகிற ஓஸும் ஒரே பிசினில் செய்தவைதான். அதை இளக வைக்க ஒருவகை எண்ணெயைக் கலக்கிறார்கள். நன்றாக வளையும் ஓஸில் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட இந்த எண்ணெய் இருக்கும். விலையைக் குறைக்க நினைப்பவர்கள் பழைய பிளாஸ்டிக்கையும் சுண்ணாம்புத் தூளையும் சேர்க்கிறார்கள். சுண்ணாம்புத் தூள் பிசினைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அடர்த்தி. அதனால் தூள் கூடக்கூட ஓஸின் எடை கூடும், உறுதி குறையும். கிலோ கணக்கில் வாங்கும்போது நாம் காசு கொடுத்து வாங்குவது சுண்ணாம்பைத்தான்.

இனி வெயிலுக்கு வருவோம். சித்திரை வெயிலில் கிடக்கிற ஓஸில் அந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கசிந்து ஆவியாகிப் போகிறது. புது ஓஸ் சில மாதங்களில் பிசுபிசுத்து மண் ஒட்டுவது இதனால்தான். எண்ணெய் போகப்போக ஓஸ் தன் பழைய குணத்துக்குத் திரும்பி விறைக்கிறது. அதோடு வெயிலின் புற ஊதாக் கதிர் பிசினின் சங்கிலியையே அறுக்கிறது. நிறம் பழுப்பாகிறது, மேல்தோல் வெடிக்கிறது. கறுப்பு ஓஸில் சேர்க்கும் கார்பன் கரி அந்தக் கதிரை மேல்தோலிலேயே தடுத்துவிடும். கறுப்பு அதிகம் சூடாகும் என்பது உண்மைதான். ஆனாலும் வெயிலில் கிடக்க வேண்டிய ஓஸ் என்றால் கறுப்பே மேல். கண்ணாடி மாதிரி தெரியும் ஓஸுக்குள் வெளிச்சம் போவதால் உள்ளே பாசியும் பிடிக்கும்.

மடிவது வேறு கதை. ஓஸை வளைத்தால் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். வட்டமாக இருந்த வாய் முட்டை வடிவமாகி, ஒரு கட்டத்தில் சட்டென்று ஒடுங்கிவிடும். இதைத் தடுப்பது சுவரின் தடிமன். நடுப்பகலில் பிவிசி இளகிவிடுவதால் காலையில் மடியாத ஓஸ் மத்தியானம் மடியும். ஒருமுறை மடிந்த இடம் தழும்பு போல நின்று, அடுத்த முறையும் அங்கேயே மடியும். நூல் பின்னல் உள்ள ஓஸ் மடியவே மடியாது என்று விற்கிறார்கள். அது முழு உண்மையில்லை. நடு அடுக்கில் உள்ள நைலான் அல்லது பாலியஸ்டர் நூலின் முதல் வேலை அழுத்தத்தைத் தாங்குவது. சுவர் மெலிதாக இருந்தால் பின்னல் ஓஸும் மடியும். பெரும்பாலும் மடிவது குழாய் வாயில், ஓஸ் தன் பாரத்தில் தொங்கும் இடத்தில்தான். அங்கே கீழ்நோக்கி ஒரு எல்போ போட்டால் பாதித் தொல்லை தீரும்.

பிளப்பதற்கு அழுத்தம் காரணம். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு சதுர செ.மீ.க்கு 1 கிலோ அழுத்தம் தரும். என் நாற்றங்காலுக்கு 6 மீட்டர் உயரத் தொட்டியிலிருந்து தண்ணீர் வருகிறது, அழுத்தம் 0.6 கிலோதான். அங்கே பின்னல் இல்லாத சாதா ஓஸே போதும். மரக்கன்றுகளுக்கு மோட்டாரிலிருந்து நேராகப் போகிறது. மோட்டார் தகட்டில் ஹெட் 30 மீட்டர் என்று இருக்கிறது. முனையில் உள்ள வால்வை மூடிவிட்டு அடுத்த கன்றுக்கு நடக்கும்போது ஓஸுக்குள் 3 கிலோ ஏறும், தொட்டியைப்போல் ஐந்து மடங்கு. அங்கே மூன்றடுக்குப் பின்னல் ஓஸ் இல்லாமல் முடியாது. சுவர் ஒரே தடிமனாக இருந்தால், அரை இஞ்ச் ஓஸைவிட ஒரு இஞ்ச் ஓஸ் சுவரில் இழுவிசை இரண்டு மடங்கு. பெரிய ஓஸுக்குச் சுவரும் தடிமனாக வேண்டும்.

வேலை முடிந்ததும் இரண்டு பக்கமும் மூடி, தண்ணீரோடு ஓஸை வெயிலில் போடுவது கூடவே கூடாது. தண்ணீர் சூட்டில் விரியும், ஓஸ் சூட்டில் இளகும்; இரண்டும் சேர்ந்தால் பலவீனமான இடத்தில் புடைத்துப் பிளக்கும். மோட்டாரை நிறுத்தி, முனையைத் திறந்து வடியவிட்டு, நிழலில் பெரிய வட்டமாகச் சுற்றி வையுங்கள்.

பழைய ஓஸைத் தூக்கிப் போடுமுன் ஒருதரம் பாருங்கள். நீளவாக்கில் கிழிந்திருந்தால் அழுத்தம் தாங்கவில்லை என்று பொருள். வளைவுகளில் குறுக்குவாக்கில் பொடிப்பொடி வெடிப்பு இருந்தால் வெயிலில் செத்தது. முன்னதற்குப் பின்னல் ஓஸ் மருந்து, பின்னதற்கு நிழலும் கறுப்பு மேல்தோலும்.

ரப்பர் ஓஸ் எப்படி என்று கேட்பீர்கள். எண்ணெய் சேர்த்து இளக்கியது அல்ல என்பதால் பிவிசி போல விறைக்காது, மடிவதும் குறைவு. ஆனால் கனம் அதிகம், விலையும் அதிகம். இயற்கை ரப்பர் என்றால் காற்றிலுள்ள ஓசோன் பட்டு வளைவுகளில் வெடிக்கும். ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் அதைத் தாங்கும். தினமும் இழுத்துக்கொண்டு நடக்கிற வேலைக்கு அது நமக்குப் பாரம். மோட்டார் பக்கத்தில் ஓரிடத்திலேயே கிடக்கும் இணைப்புக்குச் சரி.

இப்போது உரைகல். ஓஸின் வெட்டுமுனையைப் பாருங்கள். முக்கால் இஞ்ச் ஓஸுக்குச் சுவர் சுற்றிலும் ஒரே அளவாக, 2.5 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். பிறகு ஒரு துண்டை இறுக மடித்து விடுங்கள். மடித்த கோட்டில் வெள்ளையாகத் தழும்பு விழுந்தால் உள்ளே சுண்ணாம்புத் தூள் அதிகம் என்று சந்தேகிக்கலாம். "மடிச்சுப் பார்க்கக் கூடாது சார்" என்று கடைக்காரர் தடுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

பணக் கணக்கும் ஒன்று. 30 மீட்டர் மட்ட ஓஸ் 1,200 ரூபாய், இரண்டு கோடை வரும் என்று வைத்துக்கொள்வோம், ஆண்டுக்கு 600. நல்ல பின்னல் ஓஸ் 2,400 ரூபாய், நிழலில் வைத்து ஐந்து ஆண்டு ஓட்டினால் ஆண்டுக்கு 480.

நமக்குக் காசைவிடப் பெரிய கணக்கு வேறு. செத்த ஓஸ் எங்கே போகிறது? பெரும்பாலும் வரப்போரத் தீயில். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகையும் டையாக்சினும் வரும். மருந்தடிக்காத வயலின் ஓரத்தில் இதைக் கொளுத்துவது நியாயமா? அதோடு, வெயிலில் ஓஸுக்குள் நின்ற சூட்டுத் தண்ணீரில் அந்த இளக்க எண்ணெயும் கொஞ்சம் இறங்கும். முதலில் வரும் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கீரைப் பாத்திக்கும் விடாதீர்கள்.

உள்விட்டம், சுவர்த் தடிமன், தாங்கும் அழுத்தம் மூன்றையும் ஓஸ் மீது அச்சிட்டு, மீட்டர் கணக்கில் விற்கச் சொல்லி நம் உழவர் குழுக்கள் கடைக்காரர்களிடம் கேட்க வேண்டும். தனியாளாகக் கேட்டால் சிரிப்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து பத்துச் சுருள் வாங்குகிறோம் என்று போனால் காது கொடுத்துக் கேட்பார்கள்.