சுற்றித் திருப்பினால்தான் பின்னலா? முன்பக்கம் மேலேறும் சுவெட்டர்களுக்காக ஒரு வழக்கு

பதிவு கொஞ்சம் நீளம். பின்னல் ஊசி பிடிக்கிறவர்கள் ஒருக்கா முழுதாக வாசியுங்கள். பிடிக்காதவர்கள் வீட்டில் பிடிக்கிறவர்களிடம் போனைக் கொடுத்துவிடுங்கள்.

போன கிழமை எங்கள் பின்னல் வட்டத்துக்கு வருகிற ஒரு தங்கச்சி அழாத குறையாக வந்து நின்றா. ஒரு பயிற்சி வகுப்பில் அவ செய்து கொடுத்த சுவெட்டரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். காரணம் அளவும் இல்லை, ஓட்டையும் இல்லை. குறுவரியை ஜேர்மன் முறையில் திருப்பியிருக்கிறாவாம். "அது சோம்பேறிகளின் குறுக்குவழி, சுற்றித் திருப்பினால்தான் முறையான பின்னல்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சுவெட்டரை நாங்கள் வாங்கி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். திருப்பின இடம் எது என்று தேட வேண்டியிருந்தது. அதே வகுப்பில் பாராட்டு வாங்கின இன்னொரு சுவெட்டரையும் பார்த்தோம். அதில் தேடத் தேவையில்லை, மார்பின் ஒரு பக்கத்தில் ஏழு புடைப்பு வரிசையாக நின்றது.

ஆகவே இந்த விஷயத்தைப் பொதுவில் கதைக்கத்தான் வேண்டும்.

முதலில் ஒரு வாய்ப்பூட்டை அவிழ்ப்போம். மார்பளவு என்று சொன்னாலே எங்கள் ஊரில் பாதிப் பேர் நிலத்தைப் பார்ப்பார்கள். "நாங்கள் தொளதொளவென்று உடுக்கிற ஆக்கள், எங்களுக்கு எதற்கு இந்த வளைவு நெளிவு?" என்று ஒரு ராத்தா கேட்டா. ராத்தா, தொளதொளவென்று உடுக்கிறவர்களுக்குத்தான் இது கூடத் தேவை. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நீளத்தில் பின்னின சுவெட்டரைப் போட்டால், முன்துணி மார்பின் மேலால் சுற்றிப் போக வேண்டியிருப்பதால் கீழ்விளிம்பு முன்னால் மேலேறும். பக்கத் தையல் முன்னுக்குச் சாயும். கையைத் தூக்கினால் இடுப்புத் தெரியும். பாடசாலைக்கு வருகிற டீச்சர்மார் நாள் முழுக்க முன்விளிம்பைக் கீழே இழுத்துக்கொண்டு கரும்பலகையில் எழுதுவதை நாங்கள் தினமும் பார்க்கிறோம், நாங்களும் இழுத்திருக்கிறோம். பெரிய சைஸ் பின்னினாலும் தீராது. தோள் சரியும், கழுத்து அகலும், முன்பக்கம் அப்போதும் ஏறியே நிற்கும். குறை நீளத்தில் இருக்கும்போது அகலத்தைக் கூட்டி என்ன பயன்?

குறுவரி செய்கிற வேலை அந்த நீளத்தைக் கொடுப்பது மட்டும்தான். வரியை முழுக்கப் பின்னாமல் நடுவில் திரும்பித் திரும்பிப் பின்னினால், நடுப்பகுதிக்கு மட்டும் கூடுதல் வரிகள் சேரும். இரண்டு ஓரமும் பழைய நீளத்திலேயே இருக்கும், அதனால் பின்பக்கத்தோடு சேர்த்துத் தைக்கும்போது இழுபறி வராது.

அந்தத் தங்கச்சியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அறைக் கதவைச் சாத்திவிட்டு அளவு எடுத்தோம். தோளும் கழுத்தும் சேரும் இடத்திலிருந்து மார்பின் உச்சியின் மேலால் இடுப்புவரை முன்பக்கம் 47 சென்ரிமீற்றர். அதே இடத்திலிருந்து முதுகால் இடுப்புவரை 42. வித்தியாசம் 5. (வித்தியாசம் இரண்டு இரண்டரைக்குள் என்றால் விட்டுவிடுங்கள், பின்னல் தானே இழுபட்டுக் கொடுக்கும்.) 4 மில்லிமீற்றர் ஊசியில் அவவின் மாதிரித் துண்டு 10 சென்ரிமீற்றருக்கு 20 கண், 28 வரி. கண்ணி என்று எழுதலாம்தான். ஆனால் வன்னியில் கண்ணி என்றால் ஆக்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும், ஆகவே எங்கள் வட்டத்தில் கண் என்றே சொல்கிறோம். 5 சென்ரிமீற்றருக்கு 14 வரி வருகிறது. அதாவது வலப்பக்கம் 7 திருப்பம், இடப்பக்கம் 7 திருப்பம்.

எங்கே திரும்புவது? முன்துண்டு 48 சென்ரிமீற்றர், 96 கண். இரண்டு உச்சிக்கும் இடையில் 20 சென்ரிமீற்றர். உச்சிவரை போகக் கூடாது, ஒவ்வொரு பக்கமும் இரண்டரை சென்ரிமீற்றர் முன்னாலேயே நின்றுவிட வேண்டும். போனால் அந்த இடத்தில் கூர்மையாகத் துருத்தும். அப்படியென்றால் நடுவில் 25 சென்ரிமீற்றர், 50 கண், கடைசிவரை பின்னப்படும். மிச்சம் 46, பக்கத்துக்கு 23. முதல் திருப்பத்தில் ஓரத்தில் 5 கண்ணை விடுங்கள், பிறகு 8, 11, 14, 17, 20, 23. ஏழு திருப்பம் சரியாக வந்துவிட்டது. இதெல்லாம் கைக்குழி வருவதற்கு முன்னால், ஆப்பின் மேல்விளிம்பு உச்சிக்கு இரண்டரை சென்ரிமீற்றர் கீழே நிற்கும்படி முடிய வேண்டும். 14 வரியும் முடிந்ததும் ஒரு நிட் வரி இடது ஓரம்வரை, அதன்பின் ஒரு பேர்ல் வரி வலது ஓரம்வரை. இந்த இரண்டு வரியில்தான் திருப்பங்களை மூட வேண்டும். சண்டை முழுக்க இந்த இரண்டு வரியைப் பற்றியதுதான்.

சும்மா திரும்பினால் திரும்பின இடத்தில் ஓட்டை விழும். அதை அடைக்கத்தான் இரண்டு முறையும்.

சுற்றித் திருப்பும் முறையில், திரும்புகிற இடத்துக்கு அடுத்த கண்ணைப் பின்னாமல் எடுத்து, நூலால் அதன் அடியைச் சுற்றி, கண்ணை இடது ஊசிக்குத் திருப்பி வைத்துவிட்டுத் திரும்புகிறோம். பிறகு மூடும்போது அந்தச் சுற்றைக் கீழிருந்து தூக்கி, கண்ணோடு சேர்த்துப் பின்ன வேண்டும். நிட் பக்கத்தில் இது சுகம், சுற்று கண்ணுக்கு முன்னால் தெரியும். எங்கள் கணக்கில் 14 திருப்பத்தில் 7 நிட் வரியில் மூடப்படும். மற்ற 7 பேர்ல் வரியில். அங்கேதான் ஆட்டம். அந்த ஏழிலும் சுற்று நமக்கு அப்பால், துணியின் நல்ல பக்கத்தில் கிடக்கும். ஊசியை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கீழிருந்து தூக்கி, இடது ஊசியில் ஏற்றி, கண்ணோடு சேர்த்துப் பேர்ல் போட வேண்டும். ஒன்றைத் தவறாகத் தூக்கினாலும் நல்ல பக்கத்தில் குறுக்குக்கோடு மாதிரி ஒரு நூல் நிற்கும். பாராட்டு வாங்கின சுவெட்டரில் ஒரு பக்கம் மட்டும் புடைத்திருந்ததற்குக் காரணம் இதுதான், அந்தப் பிள்ளையின் கை பிழை இல்லை.

ஜேர்மன் முறையில் சுற்றே இல்லை. கண்ணைப் பின்னி முடித்துத் திரும்புங்கள். இப்போது பின்னின அந்தக் கடைசிக் கண்தான் இடது ஊசியின் முதற்கண். நூலை முன்னால் வைத்து அதைப் பேர்ல் போடுவதுபோல வலது ஊசிக்கு மாற்றி, நூலை ஊசிக்கு மேலால் பின்னுக்கு இறுக்கி இழுங்கள். கண் புரண்டு இரண்டு கால் தெரியும். அடுத்தது பேர்ல் என்றால் நூலை ஊசிகளுக்கு நடுவால் முன்னுக்குக் கொண்டுவாருங்கள், நிட் என்றால் அப்படியே பின்னுங்கள். ஜேர்மன்காரர் இதை டொப்பெல்மாஷே, இரட்டைக் கண், என்கிறார்கள். மூடும்போது இரண்டு காலையும் ஒரே கண்ணாகச் சேர்த்துப் பின்னினால் முடிந்தது. நிட் பக்கமோ பேர்ல் பக்கமோ, தேடித் தூக்க ஒன்றுமில்லை.

இதில் பிழையே வராது என்று நாங்கள் சொல்லவில்லை. இரண்டு பிழை அடிக்கடி வரும். ஒன்று, இரண்டு காலையும் தனித்தனியே பின்னிவிடுவது. மூடும் நிட் வரி முடிந்ததும் எண்ணிப் பார்க்கும்போது 96க்குப் பதில் 103 இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது, அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னுங்கள். மற்றது, இழுத்துவிட்டு அடுத்த கண்ணைத் தளரப் போடுவது. கழுவிக் காய்ந்த பிறகு வெளிச்சத்தில் பிடித்தால் ஏணிப்படி மாதிரிச் சின்ன ஓட்டைகள் தெரியும். இரட்டைக் கண்ணுக்கு அடுத்த கண்ணை இறுக்கிப் போட்டால் சரிவரும்.

இன்னொன்று, இதில்தான் நாங்களும் விழுந்தோம். புத்தகத்து மாதிரிகள் பலதும் சுற்றித் திருப்பும் கணக்கில் எழுதியவை. அதில் சுற்றப்படுகிற கண் பின்னாத கண், இதில் இரட்டைக் கண் பின்னின கண். ஆகவே "5 கண் விட்டுத் திரும்பு" என்றிருந்தால் ஒரு கண் கூடப் பின்னி, 4 விட்டுத் திரும்புங்கள். அப்போதுதான் ஓரத்திலிருந்து ஐந்தாவது கண் இரட்டையாகும். அதற்குப் பிறகு எண்ணவே வேண்டாம். முந்தின இரட்டைக் கண்ணுக்கு முன்னால் இரண்டு கண்ணை விட்டுத் திரும்பிக்கொண்டே போனால் 8, 11, 14 என்று தானாக வரும்.

இனி "முறையான பின்னல்" என்ற கதைக்கு வருவோம். அந்த வகுப்பில் கம்பளி நூலை நினைத்துக்கொண்டு கதைக்கிறார்கள். கம்பளி கழுவினால் ஊதி நூலோடு நூல் சேரும், சுற்றின் புடைப்பை ஓரளவு மறைக்கும். கிளிநொச்சி வெயிலிலும் முல்லைத்தீவு உப்புக்காற்றிலும் எங்கள் பெண்கள் உடுக்கக் கொட்டனில் பின்னுகிறோம். கொட்டன் எதையும் மறைக்காது. சுற்றின நூல் கழுவின பிறகும் கல்லு மாதிரி நிற்கும். எங்கோ குளிர் தேசத்தில் கம்பளிக்குச் சரிவந்த பழக்கத்தை இங்கே சட்டமாக்கி, அதை வைத்து ஒரு பிள்ளையின் சான்றிதழை மறிப்பது எந்த வகையில் நியாயம்? கடினமாக இருப்பதால்தான் அது தரம் என்றால், தரத்தைத் துணியில் காட்டுங்கள், கையின் வேதனையில் காட்டாதீர்கள். அந்தத் தங்கச்சி வெளிநாட்டிலிருக்கும் மாமியின் மகளுக்குப் பின்னி அனுப்பி, அந்தக் காசில் தம்பியின் ரியூசனுக்குக் கட்டுகிறா. ஏழு சுற்றை அவிழ்த்து மறுபடி தூக்குவதில் ஒரு பின்னேரம் போனால் அவவுக்கு அது ஒரு நாள் கூலி.

சுற்றித் திருப்புவதை நாங்கள் ஒதுக்கவும் இல்லை. எங்கள் வட்டத்தில் மூத்தவ ஒருவ, 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் முகாமில் இருந்த காலத்தில் அதைக் கற்றவ. அவ தூக்குகிற சுற்று பேர்ல் பக்கத்திலும் தெரியாது, அந்தக் கைக்கு நாங்கள் எழுந்து நிற்போம். எல்லா வரியும் நிட்டாகவே போகிற கார்ட்டர் பின்னலில் சுற்றைத் தூக்கவே தேவையில்லை, மேடுபள்ளத்துக்குள் அது தானே ஒளிந்துவிடும். அங்கே நாங்களும் சுற்றித்தான் திருப்புகிறோம். மிகத் தடித்த நூலிலும் இரட்டைக் கண் முடிச்சு மாதிரிக் கனக்கும். நிட் ஒரு பக்கம் பேர்ல் ஒரு பக்கம் என்று போகிற சாதாரணத் துணியில், மெல்லிய கொட்டனில், மார்புக்கு நேரே எல்லாரும் பார்க்கிற இடத்தில் மட்டும் எங்கள் வாக்கு ஜேர்மனுக்கு.

நம்பாதவர்கள் 40 கண் போட்டு ஒரு துண்டு பின்னுங்கள். கீழே ஒரு ஆப்புச் சுற்றித் திருப்பி, நாலு விரற்கடைக்கு மேலே ஒரு ஆப்பு ஜேர்மன். இரண்டும் ஒரே நூல், ஒரே ஊசி. கழுவி, நிழலில் காயவைத்து, யன்னலில் பிடித்துப் பாருங்கள். பிறகு எந்த ஆப்பு எது என்று சொல்லாமல் அந்த வகுப்பில் கொண்டுபோய்க் கொடுங்கள். எங்கள் துண்டு வெள்ளிக்கிழமை பின்னேரம் போகிறது, தங்கச்சியின் சுவெட்டரோடு சேர்த்து.