ஆச்சிக்கு இரண்டு முகம்

நெடுந்தீவில நாங்கள் எடுத்த சின்ன ஆவணப்படத்தின்ர முதல் வெட்டைப் பார்த்த சிநேகிதி கேட்டது ஒரேயொரு கேள்வி: "ஆச்சியை இரண்டு நாளா எடுத்தனீங்கள்?"

இல்லை. ஒரே காலை, ஒரே விறாந்தை, மொத்தம் இருபது நிமிசம். கமெராதான் இரண்டு. முன்னுக்கு, அகலமாக எடுக்க இரவல் வாங்கின சோனி ஏ6400. பக்கத்தில, முகத்துக்கு எங்கட பழைய கெனன் 700டி. சோனியில ஆச்சி கொஞ்சம் பச்சை கலந்த மாநிறம். கெனனில சிவந்து, ஒரு பங்கு வெளிச்சமாக இருந்தா. ஒவ்வொரு வெட்டுக்கும் ஆள் மாறின மாதிரி.

இதுக்கு எல்லாரும் சொல்லுற மருந்து, இணையத்தில கிடைக்கிற ஒரு எல்யூடியை இரண்டுக்கும் போடு எண்டதுதான். அது பிழை எண்டு நினைக்கிறன். எல்யூடி எண்டது உள்ளே வாற நிறத்தை இன்னொரு நிறமாக மாத்துற அட்டவணை, அவ்வளவுதான். உள்ளே வாறது இரண்டு விதமெண்டால் வெளியே வாறதும் இரண்டு விதம்தான். நாங்கள் போட்டுப் பார்த்தபோது வித்தியாசம் கூடினதே தவிரக் குறையேல்லை. கறுப்பு வெள்ளையாக்கித் தப்பலாம் எண்டும் ஒருத்தன் சொன்னான். நிறம் ஒளியும், வெளிச்சமும் கூர்மையும் ஒளியாது.

முதலில பார்க்க வேண்டியது வெளிச்சம். வெளிச்சம் மாறினால் நிறமும் மாறின மாதிரித் தெரியும். அதனால நிறத்தில கை வைச்சுக் கழிக்கிற மணித்தியாலங்கள் வீண். டாவின்சி ரிசால்வில வேவ்ஃபோம் எண்ட வரைபைத் திறந்தால் 0 இலிருந்து 1023 வரை ஒரு அளவுகோல் இருக்கும். எங்களுக்கு ஒப்பிட நல்ல பொருள் ஒண்டு பின்னாலேயே நிண்டது: நெடுந்தீவின்ர முருகைக்கல் மதில். சோனியில மதில் 780 அளவில, முகம் 380 இல. கெனனில முகம் 480. மதிலோ மேல்விளிம்பில தட்டையான கோடாக ஒட்டிக் கிடந்தது. அந்தத் தட்டைக் கோடு தெரிஞ்சால் விளங்கிக்கொள்ளுங்கோ, அங்க கல்லே பதிவாகேல்லை. வெளிச்சத்தைக் குறைச்சுப் பார்த்தன்; மதில் சாம்பல் கடதாசி மாதிரி வந்தது.

பிழை என்னுடையது. இரண்டு கமெராவின்ர திரையையும் கண்ணால பார்த்து வெளிச்சம் வைச்சன். இரண்டு திரையும் ஒரே வெளிச்சத்தை வேற மாதிரிக் காட்டும். துவாரமும் ஐஎஸ்ஓவும் ஒரே எண்ணில வைச்சாலும் போதாது, லென்சுக்கு லென்ஸ் உள்ளே விடுற ஒளி மாறும். பதிவு தொடங்க முதல் 700டியின்ர ஹிஸ்டோகிராமை வலப்பக்கச் சுவரில முட்டாமல் வைச்சு, பேந்து சோனியை அதுக்கு இறக்கியிருக்க வேணும். எப்பவும் தாங்குசக்தி குறைஞ்ச கமெராதான் கணக்கைத் தீர்மானிக்கும்.

கடைசியில மதிலைக் கைவிட்டு முகத்தைப் பிடிச்சம். காமாவால இரண்டு முகத்தையும் 420 க்குக் கிட்டக் கொண்டு வந்தம். முகம் 700 க்குக் கிட்ட இருக்க வேணும் எண்டு சில பாடங்களில சொல்லுவினம். அது வெள்ளைத் தோலை வைச்சுச் சொன்ன கணக்கு. வெயிலில உழைச்ச ஆச்சியின்ர தோலை அந்த அளவுக்கு ஏத்தினால் நாங்கள் அவவைப் பொருத்தேல்லை, வெளுக்கப் பண்ணுறம்.

நிறத்துக்குப் பரேட் வரைபு. ஆச்சியின்ர வெள்ளைச் சீலைதான் இப்ப அளவுகோல். வெள்ளைப் பொருளில சிவப்பு, பச்சை, நீலம் மூண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில நிற்க வேணும். கெனனில சிவப்பு உயர்ந்து நிண்டது. கெய்னில சிவப்பை மட்டும் இறக்கினம். சோனியில பச்சையைக் குறைச்சம். பிறகு சோனியில ஒரு ஸ்டில் பிடிச்சு, கெனனுக்குப் பக்கத்தில வைப் போட்டுக் கன்னத்தோட கன்னத்தை ஒட்டிப் பார்த்தம். 700டியில கெல்வின் எண் போட இடமில்லை. ஆனால் அண்டைக்கே ஒரே ஏ4 தாளை இரண்டுக்கும் காட்டி வெள்ளைச் சமநிலை எடுத்திருந்தால் இந்த வேலையில பாதி மிச்சம்.

கூர்மையில எல்லாரும் செய்யிறது மங்கலானதைத் தீட்டுறது. நானும் கெனனைத் தீட்டினன். பனையோலை வேலியின்ர ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு விழுந்தது, தலைமயிரும் கம்பியாச்சு. இல்லாத விவரத்தைத் தீட்டி வரவழைக்க ஏலாது. அதை எடுத்துவிட்டு, சோனியின்ர ரேடியஸை 0.50 இலிருந்து 0.53 க்கு ஏத்தி அதைத்தான் மெதுவாக்கினம். நல்ல கமெராவை வேணுமெண்டு கெடுக்கிறதா எண்டு குழுவில சண்டை. ஓம், அதைத்தான் சொல்லுறன். பார்க்கிற ஆளுக்குக் கமெரா தெரியக்கூடாது.

குறிகட்டுவானில இருந்து படகில வரேக்க எடுத்த கடலை மட்டும் பொருத்தேல்லை. ஆழத்தில ஒரு நீலம், கரைக்குக் கிட்ட வேறொரு பச்சை. அந்த வித்தியாசம் கமெராவின்ர இல்லை, கடலின்ர.

மதில் இன்னும் ஒரு மூலையில வெள்ளையாக எரிஞ்சுகொண்டுதான் நிற்குது. சிநேகிதிக்கு இரண்டாவது வெட்டைக் காட்டினன். இந்த முறை ஆச்சி என்ன சொன்னவ எண்டு கேட்டாள்.